இரணைமடு உடைந்துவிட்டதாம்: குடும்பக் குழுவுக்கு அனுப்பும் முன் அந்தச் செய்தியை எப்படிப் பார்ப்பது

கார்த்திகை மழை மூன்றாம் நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் இரவு. ஏழேகால் மணி இருக்கும். எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் கனடாவில் இருக்கும் சித்தப்பா ஒரு செய்தியைப் போட்டார். அங்கே அப்போது காலை எட்டே முக்கால். எழும்பித் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அவருடைய போனுக்கு வந்ததை, ஊரில் இருக்கிற நாங்கள் பிழைத்துக்கொள்ள வேண்டுமே என்ற பதற்றத்தில் அப்படியே அனுப்பியிருந்தார்.

செய்தி இதுதான்: "அவசரம்!! அவசரம்!! இரணைமடுக் குளம் உடைப்பெடுத்துள்ளது. மாங்குளம், பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளை மக்கள் இன்று இரவுக்குள் வெளியேறுமாறு அதிகாரிகள் அறிவித்துள்ளனர். எல்லோருக்கும் பகிருங்கள். உயிர்களைக் காப்பாற்றுங்கள்." கூடவே ஒரு படம். பழுப்பு நிறத் தண்ணீர் தெருவை மூடி ஓடுகிறது. ஒரு உழவு இயந்திரம் பாதிச் சில்லு வரை மூழ்கி நிற்கிறது. பெட்டியில் நாலைந்து பேர் நிற்கிறார்கள்.

எங்கள் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்பு, பிறகு லண்டன், சூரிச், டொரோண்டோ. மூன்று நிமிடத்துக்குள் லண்டனில் இருந்து ஒரு அக்கா அழுகிற முகத்தைப் போட்டார். சூரிச்சில் இருந்து ஒருவர் "நான் எங்கட ஊர்க் குறூப்புக்கும் போட்டிட்டன்" என்றார். முரசுமோட்டையில் உண்மையிலேயே தாழ்ந்த காணியில் குடியிருக்கிற மாமி மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

அந்த ஒரு செய்தியை வைத்தே சொல்கிறேன். கைக்கு வந்த ஒன்றை இன்னொருவர் கைக்குக் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது, எந்த அடையாளம் எவ்வளவு தூரம் நம்பக்கூடியது, எது நம்மை ஏமாற்றும் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

முதலில் ஒரு விளக்கம். தவறான தகவல் என்றால் யாரோ பொய் சொல்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வேண்டுமென்றே புனைந்து பரப்புகிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் குடும்பக் குழுவில் அதைப் போடுகிறவர் பெரும்பாலும் பொய் சொல்கிறவர் இல்லை. சித்தப்பா பொய் சொல்லவில்லை, அவருக்கு அனுப்பியவரும் அனேகமாகச் சொல்லியிருக்கமாட்டார். அதனால் "இவர் நல்ல மனுசன், இவர் அனுப்பினது சரியாத்தான் இருக்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. அனுப்பியவரின் குணத்துக்கும் செய்தியின் உண்மைக்கும் தொடர்பில்லை. பார்க்க வேண்டியது செய்தி எங்கிருந்து கிளம்பியது என்பதை.

அதற்கு வாட்ஸ்அப்பே ஒரு சின்னத் தடயம் வைத்திருக்கிறது. ஒருவர் தானே தட்டச்சுச் செய்யாமல், தனக்கு வந்ததை அப்படியே கடத்தினால், செய்தியின் தலையில் ஒரு வளைந்த அம்புக்குறியும் `Forwarded` என்ற சொல்லும் வரும். ஒன்றுக்குப் பதில் இரட்டை அம்பும் `Forwarded many times` என்றும் இருந்தால், அது உங்களிடம் வருவதற்குள் குறைந்தது ஐந்து கை மாறியிருக்கிறது. முதலில் எழுதியவரிடமிருந்து இரண்டாமவர், அவரிடமிருந்து மூன்றாமவர் என்று ஐந்து தாவல். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளுக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. உங்கள் போன் ஒரு செய்தியைப் பல பேருக்கு ஒரே தடவையில் அனுப்ப விடவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

சித்தப்பா அனுப்பியதில் இரட்டை அம்பு இருந்தது. அதன் பொருள் செய்தி பொய் என்பதல்ல. இதை எழுதியவரை சித்தப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எங்களுக்கு இடையில் இருக்கிற எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவ்வளவுதான்.

இந்த அடையாளத்துக்கு ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. யாராவது நடுவில் செய்தியை நகலெடுத்து ஒட்டினால், அல்லது திரையைப் படம் பிடித்து அனுப்பினால், அம்புக்குறி போய்விடும். ஆயிரம் கை மாறிய ஒன்று அப்போது உங்கள் பெரியப்பாவே உட்கார்ந்து எழுதியது மாதிரி வந்து நிற்கும். அதனால் அம்பு இருந்தால் கவனம் தேவை. அம்பு இல்லை என்பதற்காக நிம்மதி அடைய எதுவுமில்லை. எழுத்து நடை அவருடையதா என்று பாருங்கள். எங்கள் பெரியப்பா வாழ்நாளில் "உடைப்பெடுத்துள்ளது" என்று எழுதியதில்லை. அவர் எழுதினால் "குளம் உடைஞ்சிட்டுதாம்" என்றுதான் எழுதுவார்.

சரி, அடுத்தது நேரம். செய்தியில் "இன்று இரவுக்குள்" என்று இருந்தது. எந்த இன்று? திகதி இல்லை, கிழமை இல்லை, மணி இல்லை. செய்தியின் ஓரத்தில் வாட்ஸ்அப் காட்டிய மணி, சித்தப்பா எங்களுக்கு அனுப்பிய மணி. முதலில் எழுதப்பட்ட நேரம் எங்குமே இல்லை. கடத்தப்படுகிற செய்தியில் "இன்று" என்ற சொல் பழசாவதே இல்லை. போன வருசத்து இன்றும் இன்றுதான். அது கனடாவைச் சுற்றி வரும்போது இன்னும் குழம்பும், ஏனென்றால் அங்கே காலை விடிகிற இன்றும் இங்கே இருட்டிப்போன இன்றும் ஒன்றல்ல. திகதியும் மணியும் இல்லாத எச்சரிக்கையைக் கண்டால் நான் அந்த இடத்திலேயே கையை நிறுத்திவிடுவேன். என் அனுபவத்தில் எல்லா அடையாளங்களிலும் இதுதான் அதிகம் உதவியது.

உண்மையான அறிவித்தல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் மற்றது தானாகக் கண்ணில் படும். குளங்களைப் பற்றி வருகிற முறையான அறிவித்தலில் சின்னச் சின்ன விவரம் இருக்கும். எந்தக் குளம், நீர்மட்டம் இப்போது எத்தனை அடி, எத்தனை வான்கதவுகள், எத்தனை அங்குலத்துக்குத் திறக்கப்பட்டன, எத்தனை மணிக்கு, எந்தப் பகுதி மக்கள் அவதானமாக இருக்க வேண்டும், சொல்வது யார். நீர்ப்பாசனத் திணைக்களமா, மாவட்டச் செயலகமா, அனர்த்த முகாமைத்துவ நிலையமா என்று பெயர் இருக்கும். "அதிகாரிகள்" என்று மொட்டையாக இருக்காது. அந்த அறிவித்தல்கள் சத்தம் போடுவதில்லை. "தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்" என்று வரண்ட நடையில்தான் வரும். "எல்லோருக்கும் பகிருங்கள்" என்று கெஞ்சுகிற வரி அவற்றில் எனக்குத் தெரிய வந்ததில்லை.

எழுத்துப்பிழையையும் ஆச்சரியக்குறியையும் பெரிய அடையாளமாகப் பலர் சொல்வார்கள். நான் அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை. உண்மையான அறிவித்தலிலும் பிழை வருகிறது. பயந்துபோய் உண்மையைச் சொல்கிற மனிதரும் நாலு ஆச்சரியக்குறி போடுவார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன், செய்தியில் சொல்லப்பட்ட விசயத்துக்கு. இங்கேதான் வன்னியில் இருக்கிறவருக்குத் தெரிவது டொரோண்டோவில் இருக்கிறவருக்குத் தெரியாமல் போகிறது.

குளத்தில் நடப்பது மூன்று வேறு வேறு காரியம். மழைக்குக் குளம் நிரம்பி, மேலதிகத் தண்ணீர் தானாக வழிவது வான் பாய்வது. அதற்கென்றே கட்டிய வழி அது. நீர் வரத்து அதிகமாகும்போது கதவைத் தூக்கித் தண்ணீரைத் திட்டமிட்டு விடுவது வான்கதவு திறப்பது. இரணைமடுவில் அது ஒவ்வொரு நல்ல மாரியிலும் எதிர்பார்க்கிற விசயம். மூன்றாவது, மண்ணால் ஆன குளக்கட்டு அறுந்து தண்ணீர் முழுக்கப் பாய்வது. அதுதான் உடைப்பு. முதல் இரண்டும் குளம் தன் வேலையைச் செய்வது. மூன்றாவது பேரழிவு.

கமக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் மூச்சு மாதிரி. மாரி காலத்தில் சந்தியில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வியே "இண்டைக்கு எத்தனை அடி?" என்பதுதான். 2018இல் புனரமைப்பு முடிந்த பிறகு இரணைமடுவின் முழுக் கொள்ளளவு 36 அடி, அதற்கு முன் 34 அடி. 34 அடி என்று கேட்டால் இன்னும் இடமிருக்கிறது என்றும், 36 என்றால் கதவு திறந்திருப்பார்கள் என்றும் அவர்களுக்குப் புரியும். ஆனால் "கதவு திறந்திட்டாங்கள்" என்ற சொல் நாலு கை மாறும்போது "தண்ணி வருது" ஆகிறது, இன்னும் நாலு கை போனால் "குளம் உடைஞ்சிட்டுது" ஆகிறது. குளத்துச் சொல் தெரியாத ஒருவர் நடுவில் இருந்தால் போதும்.

ஆகவே அப்படி ஒரு செய்தி வந்தால், இந்த மூன்றில் எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் ஒரு உண்மையான சின்னச் சம்பவம் இருக்கும். அதைத் தேடிப்பிடித்தால் பொய் எங்கே ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஊர்ப்பெயர்கள். செய்தியில் மாங்குளம், பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளை என்று நான்கு இருந்தன. ஊர்ப்பெயர் இருந்தாலே செய்திக்கு ஒரு நம்பகம் வந்துவிடுகிறது. இவ்வளவு விவரமாகச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் தண்ணீர் போகிற வழியை நினைத்துப் பாருங்கள். கனகராயன் ஆறு தெற்கே வவுனியாப் பக்கமிருந்து வடக்கே வந்து இரணைமடுவில் விழுகிறது. குளத்திலிருந்து வெளியேறுகிற தண்ணீர் மேலும் வடக்கே பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கமாகப் போய்ச் சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்கிறது. மாங்குளம் இருப்பது குளத்துக்குத் தெற்கே, தண்ணீர் வருகிற பக்கம். இரணைமடு உடைந்தால் மாங்குளத்துக்கு ஒரு சொட்டும் ஏறி வராது. அந்தச் செய்தியை எழுதியவர் கேள்விப்பட்ட ஊர்ப்பெயர்களை எடுத்துப் போட்டிருக்கிறார். இங்கே குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஒருவர் அப்படி எழுதமாட்டார்.

ஊர் தெரிந்தவர்களுக்கு உள்ள பெரிய வசதி இது. இணையத்தில் எதையும் தேடத் தேவையில்லை. செய்தி சொல்கிற விசயம் அந்த மண்ணில் நடக்கக்கூடியதா என்று மனதுக்குள் ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தாலே போதும். குழுவில் உள்ள வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய உதவியும் அதுதான்.

இப்போது படம். செய்தி இரவு ஏழேகாலுக்கு வந்தது. மழை மூன்று நாளாக நிற்கவில்லை, வானம் இருண்டேதான் இருந்தது. படத்தில் வெயில் அடித்தது. உழவு இயந்திரத்தின் நிழல் தண்ணீரில் கூர்மையாக விழுந்திருந்தது. பெட்டியில் நின்ற ஒருவரும் குடை பிடிக்கவில்லை. அன்றைக்கு எடுத்த படமாக இருக்க வழியில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் மூலையில் ஒரு எழுத்தின் பாதி மட்டும் தெரிந்தது, யாரோ ஒரு செய்தித்தளத்தின் முத்திரையை வெட்டியிருக்கிறார்கள். வெட்டப்பட்ட மூலை என்றால் அந்தப் படத்துக்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது.

கண்ணால் பார்த்தது போதாதென்றால் படத்தையே தேடலாம். படத்தை முதலில் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். கூகுள் செயலியைத் திறந்தால் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் கேமரா போல ஒரு சின்னம் இருக்கும். அது கூகுள் லென்ஸ். அதைத் தட்டி, சேமித்த படத்தைத் தெரிவுசெய்தால், அதே படமோ அதைப்போன்ற படமோ வந்த பக்கங்களைக் காட்டும். மேலே வருவதைப் பார்த்துவிட்டு நிறுத்தவேண்டாம், திகதியில் மிகப் பழையதைத் தேடுங்கள். வெள்ளப் படம் போட்டால் உலகத்து வெள்ளமெல்லாம் வரும். அப்போது தெரிவுச் சட்டத்தைச் சுருக்கி, படத்தில் தனித்துவமாக உள்ள ஒன்றை மட்டும் பிடிக்கவேண்டும். நான் உழவு இயந்திரத்தையும் அதன் பின்னால் தெரிந்த மதகையும் மட்டும் பிடித்தேன். மூன்றாவதாக வந்த பக்கத்தில் அதே படம், மூலை வெட்டப்படாமல், முத்திரையோடு இருந்தது. 2018 டிசம்பர் வெள்ளத்துச் செய்தி.

அந்த வெள்ளம் இங்கே எவருக்கும் மறக்காது. 21ஆம் திகதி இரவு பெய்த மழையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து விடப்பட்டன. ஆனால் அப்போதும் குளக்கட்டு உடையவில்லை. அந்த நாளில் எடுத்த படங்கள் ஒவ்வொரு மாரிக்கும் திரும்பி வருகின்றன.

வீடியோவுக்கும் இதே வழிதான். ஓடிக்கொண்டிருப்பதை ஒரு தெளிவான இடத்தில் நிறுத்தி, திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தைத் தேடவேண்டும். குரல் பதிவைத்தான் இப்படித் தேட முடியாது. குரல் பதிவில் ஒரு பொறியும் உண்டு. நம்முடைய பேச்சுவழக்கில், பதறிய குரலில், "நான் இப்ப குளக்கட்டிலதான் நிக்கிறன்" என்று யாராவது சொன்னால் மனம் உடனே நம்பிவிடுகிறது. அதில் கேட்க வேண்டியது, பேசுகிறவர் தன் பெயரைச் சொல்கிறாரா, திகதியைச் சொல்கிறாரா, மழையில் நிற்கிறேன் என்கிறவருக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்கிறதா என்பவை.

படத் தேடலின் எல்லையை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில்தான் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களே வழுக்குகிறார்கள். தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் படம் புதிது என்று முடிவு கட்ட முடியாது. அது இணையத்தில் ஏறாமல் வாட்ஸ்அப்புக்குள்ளேயே சுற்றிய பழைய படமாகவும் இருக்கலாம். அதேபோல, படம் பழையது என்று தெரிந்துவிட்டால் செய்தி பொய் என்றும் ஆகிவிடாது. உண்மையான ஆபத்துச் செய்திக்குக்கூட யாரோ கையில் கிடைத்த பழைய படத்தை ஒட்டியிருக்கலாம். நான் நிரூபித்தது படம் 2018இல் எடுத்தது என்பதை மட்டுமே. இன்றைக்கு இரணைமடு உடைந்ததா இல்லையா என்ற கேள்வி அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் "பொய்யப்பா, விடு" என்று போனை வைத்துவிட எனக்கு மனம் வராது. இலங்கையில் குளங்கள் உடைந்திருக்கின்றன. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். தூங்கிக்கொண்டிருந்த நேரம். ஆகவே தண்ணீர் பற்றிய செய்தியைச் சோதிப்பதென்றால், அதை நம்பாமல் இருப்பதற்குக் காரணம் தேடுவதல்ல. உண்மை எது என்று விரைவாகக் கண்டுபிடிப்பது. இரண்டும் வேறு.

அதற்குக் குறுக்குவழி ஒன்றுதான்: சம்பவம் நடக்கிற இடத்தில் இருக்கிறவரோடு கதைப்பது. குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். இந்தச் செய்தி உண்மையானால் இன்றிரவு யாருடைய உயிருக்கு ஆபத்து? டொரோண்டோவில் உள்ளவருக்கா? முரசுமோட்டை மாமிக்கு. அவருக்கு யாரும் போன் எடுக்கவில்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம். நான் எடுத்தேன்.

"மாமி, சாப்பிட்டாச்சோ? அங்க தண்ணி எப்பிடி?"

"வளவுக்குள்ள வரேல்லையப்பன். முன் ஒழுங்கையில முழங்கால் அளவு நிக்குது, அது ஒவ்வொரு மழைக்கும் நிக்கிறதுதானே. கதவு ரெண்டு துறந்திருக்கெண்டு பின்னேரம் ஜி.எஸ். வந்து சொல்லிப்போட்டுப் போனவர். இன்னும் துறந்தா பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார். ஏன், என்ன நடந்தது?"

"துறந்தது" என்று மாமி சொன்ன அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பின்னேரம் வான்கதவு திறந்த உண்மைச் செய்தி, எங்கேயோ உடைப்பாகிப் போயிருக்கிறது.

மாமி சொன்னது அவருடைய ஒழுங்கை மட்டில்தான் சாட்சி. குளக்கட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற அவசர இலக்கத்துக்கும் எடுத்தேன். இந்த இலக்கத்தை எல்லோரும் போனில் பதிந்து வைத்திருக்கலாம். மழைக்காலத்தில் இணைப்புக் கிடைக்கத் தாமதமாகலாம், அப்போது மாவட்டச் செயலகமோ, பிரதேச செயலகமோ, ஜி.எஸ். என்று நாம் சொல்கிற உங்கள் பகுதிக் கிராம அலுவலரோ அடுத்த வழி. குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஒரு கமக்காரரின் இலக்கம் இருந்தால் அதுவும் நல்ல வழிதான். கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தகவல் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். குளக்கட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை, கதவுகள் மட்டும் திறந்திருக்கின்றன என்று பதில் வந்தது. செய்தி வந்ததிலிருந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

யாராலும் உறுதிப்படுத்த முடியவில்லை, நேரமும் போகிறது என்றால் என்ன செய்வது? குளத்துக்குக் கீழே தாழ்ந்த நிலத்தில் இருக்கிறவர் என்றால், அடையாள அட்டை, உறுதிப் பத்திரங்கள், மருந்து, பிள்ளைகளின் உடுப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆயத்தமாக இருக்கட்டும். அதற்கு உறுதி தேவையில்லை, மழைக்காலத்தில் அது எப்படியும் செய்யவேண்டிய வேலை. அவருக்கு நேரடியாகப் போன் எடுத்து, "இப்படி ஒரு கதை வந்திருக்கு, உண்மையோ தெரியாது, ஜி.எஸ்.ஐக் கேளுங்கோ" என்று சொல்லலாம். அது எச்சரிக்கை. நாற்பது பேருக்கு உறுதியில்லாத செய்தியை அனுப்புவதால் அவருடைய ஒழுங்கையில் ஒன்றும் மாறாது.

"உண்மையோ தெரியாது, வந்ததை அனுப்பிறன்" என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டு அனுப்புகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதில் பலனில்லை. அடுத்தவர் கடத்தும்போது அந்த வரி கூடப் போகாது. செய்தியும் படமும் மட்டும் போகும். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் விவரம் தெரிந்த ஒருவருக்குத் தனியாக அனுப்பிக் கேளுங்கள்.

இனி சித்தப்பா. எழுபது வயது தாண்டியவர். குழுவில் எல்லோருக்கும் முன்னால் "இது பொய், பார்க்காமல் போடாதீங்கோ" என்று எழுதினால் அவர் மனம் நொந்துபோவார், பிறகு உண்மையான செய்தியைக்கூடப் போடமாட்டார். அவருக்குத் தனியே போன் எடுத்தேன். "சித்தப்பா, மாமியோட இப்பத்தான் கதைச்சனான், சுகமா இருக்கிறா. கதவுதான் துறந்திருக்கினம், குளத்துக்கு ஒண்டுமில்லை. அந்தப் படம் 2018இல எடுத்தது" என்றேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்ப நான் போட்டதை என்ன செய்ய?" என்று அவரே கேட்டார்.

போட்டதை அழிக்கலாம். செய்தியை அழுத்திப் பிடித்து, அழிக்கும் சின்னத்தைத் தட்டி, `Delete for everyone` என்பதைத் தெரிவுசெய்தால் குழுவில் எல்லோருடைய போனிலும் அது மறையும். அனுப்பி இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் அந்தத் தெரிவு வராது. குழுவின் நிர்வாகியும் மற்றவர்கள் போட்டதை அழிக்க முடியும். ஆனால் இடையில் யாராவது அதை வேறு குழுவுக்குக் கடத்தியிருந்தால் அங்கே போனதை இங்கிருந்து எடுக்க முடியாது. சூரிச்சில் இருந்து ஊர்க்குழுவுக்குப் போனது அப்படித்தான் நின்றது. அழிப்பதோடு ஒரு திருத்தமும் போடவேண்டியிருப்பது இதனால்தான்.

திருத்தத்தை எழுதும்போது பொய்யை முதலில் திரும்பச் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கக்கூடாது. அவசரமாகப் படிக்கிறவருக்கு முதல் வரிதான் மனதில் நிற்கும். உண்மையை முதலில் வைத்து, திகதியும் மணியும் போட்டு, யார் சொன்னது என்றும் எழுதவேண்டும். சித்தப்பாவும் நானும் போனிலேயே சேர்ந்து அதை எழுதினோம். அவர்தான் தன் கையால் குழுவில் போட்டார். அந்த இரவின் திகதி முதல் வரியில் இருந்தது. அதன் கீழே:

"இரவு 7.40 நிலவரம். இரணைமடுக் குளக்கட்டு பாதுகாப்பாக உள்ளது. வான்கதவுகள் இரண்டு திறந்துள்ளன. முரசுமோட்டை மாமியுடனும் 117 உடனும் கதைத்து அறிந்தது. குளத்துக்குக் கீழே தாழ்ந்த இடத்தில் உள்ளவர்கள் ஜி.எஸ். சொல்வதைக் கேட்டு நடக்கவும். நான் முன்பு போட்ட படம் 2018 வெள்ளத்தில் எடுத்தது, அதை யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அவர்களுக்கு அனுப்பவும்."

மாமி அதற்குக் கீழே முதல் தடவையாக எழுதினார்: "ஓம், நாங்கள் சுகம். ஒழுங்கைத் தண்ணி கொஞ்சம் வத்துது."

ஆறாம் நாள் காலை, மழை விட்டு வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போது, அதே செய்தி அதே படத்தோடு புதுக்குடியிருப்பு அண்ணாவின் வேலைத்தலக் குழுவில் வந்தது. அதில் இன்னமும் "இன்று இரவுக்குள்" என்றுதான் இருந்தது. அண்ணா அதை எங்கள் குழுவில் போடாமல், சித்தப்பாவின் திருத்தத்தை எடுத்து அங்கே போட்டார்.